மாதக் கணக்கை ஏன் முடிக்க வேண்டும்? அப்பாவுக்கு எழுதிய கடிதம், படித்துச் சொல்லுங்கள்

புதுக்கல்லா எழுதியது:

கடையின் அன்றாடப் பொறுப்பு இப்போது என்னுடையது. கல்லாவின் இரண்டாவது சாவி இன்னும் அப்பாவிடம்தான் இருக்கிறது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் கடையைச் சாத்திய பிறகு நான் உட்கார்ந்து கணக்கை முடிப்பது அவருக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. நேரில் விளக்கப் போனால் இரண்டாவது வாக்கியத்திலேயே குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால் கடிதமாக எழுதியிருக்கிறேன். கொடுப்பதற்கு முன் கணக்குத் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால் நல்லது. தொகைகளை எளிய எண்களாக மாற்றியிருக்கிறேன். நடந்தது மாறவில்லை.

*அன்புள்ள அப்பாவுக்கு,*

*"வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் பார்க்கிறார், தினமும் நாம் கல்லாவை எண்ணுகிறோம், நடுவில் இது எதற்கு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். யார் எவ்வளவு பாக்கி என்பது ஏட்டைப் புரட்டாமலே உங்களுக்குத் தெரியும். நான் தேடுவது அதை அல்ல. நூறுக்கு விற்றால் அதில் நம்மிடம் எவ்வளவு நிற்கிறது, அது போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்பதைத்தான் தேடுகிறேன். அதைக் கல்லா சொல்லாது. கடனுக்குச் சரக்கு எடுத்து ரொக்கத்துக்கு விற்கும் கடையில், நட்டம் வரும் மாதத்திலும் கல்லா நிறைந்துதான் இருக்கும்.*

*மூன்று மாதக் கணக்கை அப்படியே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.*

*முதல் மாதம் தொடங்கும்போது 4,00,000க்குச் சரக்கு இருந்தது. 2,30,000க்கு வாங்கினோம். கடைசி நாள் எண்ணியபோது 3,90,000க்கு இருந்தது. ஆக, விற்றுப்போன சரக்கின் அடக்கம் 2,40,000. விற்பனை 3,00,000. நின்றது 60,000, அதாவது நூற்றுக்கு 20. பல காலமாக நமக்கு இந்த அளவில்தான் நிற்கிறது.*

*இரண்டாம் மாதம் 3,90,000 இருப்பில் தொடங்கினோம். ஏட்டில் ஏறிய கொள்முதல் 2,00,000. கடைசியில் எண்ணிய இருப்பு 3,80,000. அடக்கம் 2,10,000, விற்பனை 2,80,000, நின்றது 70,000. நூற்றுக்கு 25! விற்பனை குறைந்த மாதத்தில் லாபம் ஏறியிருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.*

*மூன்றாம் மாதம் அதற்கு நேர்மாறாக வந்தது. கொள்முதல் 2,62,000, இறுதி இருப்பு 3,86,000, அடக்கம் 2,56,000. விற்பனை 2,90,000. நின்றது 34,000 மட்டும், நூற்றுக்கு 12கூட இல்லை.*

*இரண்டு மாதத்தின் சலான்களையும் பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தேன். இரண்டாம் மாதக் கடைசி வாரத்தில் 20,000க்குச் சரக்கு இறங்கியிருக்கிறது. அலமாரியில் ஏறியதால் இருப்பில் எண்ணிவிட்டோம். பில் மட்டும் அடுத்த மாதம் வந்தது, கொள்முதலும் அடுத்த மாதத்தில் ஏறியது. பில்லை அது சேர வேண்டிய மாதத்துக்கு மாற்றினால் இரண்டாம் மாதத்தில் நின்றது 50,000, மூன்றாம் மாதத்தில் 54,000.*

*உங்களுக்கு நான் காட்ட விரும்புவது இதற்கு அடுத்தது. மாற்றிய பிறகு இரண்டாம் மாதம் நூற்றுக்கு 18ஐக்கூட எட்டவில்லை, மூன்றாம் மாதம் 18க்கும் 19க்கும் நடுவில் இருக்கிறது. எப்போதும் நிற்கும் 20 இரண்டிலும் இல்லை. முதலில் கண்ணில் பட்ட ஏற்ற இறக்கம் பொய். அதற்கு அடியில் உண்மையான குறை ஒன்று இருந்திருக்கிறது. ஒரு மாதம் 6,000, அடுத்த மாதம் 4,000. வகைவாரியாகப் பிரித்தபோது ஒரே ஒரு வகையில்தான் குறை தெரிந்தது. அந்த வகையை நமக்குக் கொடுப்பவர் இரண்டாம் மாதத் தொடக்கத்திலேயே அடக்க விலையை நூற்றுக்கு 10 ஏற்றியிருக்கிறார். நாம் பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தோம்.*

*வருடக் கடைசியில் மட்டும் பார்த்திருந்தால், நடு வருடத்தில் இடம் மாறிய அந்த 20,000 தானாகவே நேராகியிருக்கும். அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாதம் ஐந்தாறு ஆயிரமாகக் கசிந்தது வருடம் முழுக்கக் கசிந்திருக்கும். ஆடிட்டர் "இந்த வருடம் கொஞ்சம் குறைவு" என்று சொல்வார். எந்த மாதத்திலிருந்து, யாருடைய சரக்கில் என்று அவருக்கும் தெரியாது, அதற்குள் நமக்கும் மறந்திருக்கும்.*

*இன்னொன்று. வீட்டுக்காகக் கல்லாவிலிருந்து நீங்கள் எடுப்பதைப் பற்றி நான் கேள்வி கேட்கவில்லை, அது உங்கள் கடை. எடுத்த தொகையைச் சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிடுங்கள், போதும். அது செலவு அல்ல, முதலீட்டிலிருந்து எடுத்தது. சீட்டு இல்லாவிட்டால் ஏட்டில் ரொக்கம் அதிகமாகவும் கல்லாவில் குறைவாகவும் நிற்கும். அப்போது கடைப் பையன்களைச் சந்தேகிக்க வேண்டியதாகிறது.*

*நீங்கள் அனுமதித்தால் அடுத்த மாதக் கணக்கை உங்கள் எதிரிலேயே முடிக்கிறேன்.*

*உங்கள் மகன்*

---

பழைய தராசு எழுதியது:

உங்கள் அப்பாவின் வயதுதான் எனக்கும் இருக்கும், அதனால் அவர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். கடிதம் நன்றாக இருக்கிறது, எண்களும் நேராக இருக்கின்றன. ஆனால் அவர் இதைப் படித்துவிட்டு என்ன கேட்பார் தெரியுமா? "விலை ஏறிய பில் வந்த அன்றே அதைப் பார்த்திருந்தால் இந்த 10,000 போயிருக்காதே தம்பி? அதற்கு மூன்று மாதக் கணக்கு எதற்கு?"

நான் கடை நடத்திய காலத்தில் பில்லைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது விலையைத்தான், கூட்டுத்தொகையைப் பிறகுதான் பார்ப்பேன். பழைய பில்லையும் புதிய பில்லையும் ஒரே கம்பியில் குத்தி வைத்திருப்பேன். ஏறியிருந்தால் அன்று மாலையே விற்பனை விலை மாறிவிடும். நீங்கள் கண்டுபிடித்தது உண்மைதான், ஆனால் இரண்டு மாதம் தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

---

பேரேட்டுக்காரர் எழுதியது:

பல கடைகளுக்குக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், கூட்டல் கழித்தலில் தவறு இல்லை. இரண்டு இடங்களை மட்டும் இன்னும் இறுக்கலாம்.

முதலாவது, பில் மாதம் மாறுவதை இரண்டு மாதம் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாதக் கடைசி நாளில் இருப்பை எண்ணத் தொடங்கும் முன், கடைசியாக வந்த சரக்குச் சலானின் எண்ணையும் கடைசியாகப் போட்ட விற்பனை பில்லின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தச் சலான் வரையில் இறங்கிய சரக்கு எல்லாவற்றுக்கும் கொள்முதல் ஏறியிருக்க வேண்டும். பில் வராதவை மட்டும் தனிப் பட்டியல். அவற்றுக்குத் தோராய விலை வைத்து "பில் வராத கொள்முதல்" என்று ஒரு பதிவு போட்டுவிட்டு, அடுத்த மாதம் முதல் நாளே அதைத் திருப்பிவிடுங்கள். உண்மையான பில் வரும்போது வழக்கம்போல ஏற்றலாம். விற்பனைப் பக்கத்திலும் இதே பார்வை வேண்டும். பில் போட்டுவிட்டுச் சரக்கு இன்னும் கடையிலேயே கிடந்தால் அதை இருப்பில் சேர்த்துவிடக் கூடாது. சேர்த்தால் விற்பனையிலும் இருக்கும், இருப்பிலும் இருக்கும்.

இரண்டாவது, இறுதி இருப்பை எந்த விலைக்கு எண்ணினீர்கள்? விலை ஏறிய வகையில், பழைய விலைக்கு வாங்கியது 20,000க்கு அலமாரியில் கிடந்து, அதைப் புதிய விலையில் 22,000 என்று எழுதியிருந்தால், அந்த மாத லாபத்தில் 2,000 வெறும் காற்று. அடுத்த மாதம் அது கழியும். முதலில் வந்தது முதலில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது சராசரி அடக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் மாதத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

விகிதம் ஆடும் விதத்தைப் பார்த்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். ஒரு மாதம் ஏறி அடுத்த மாதம் ஏறக்குறைய அதே தொகைக்கு இறங்கினால் முதலில் மாத எல்லையில் நின்ற பில்லைத் தேடுங்கள். இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டால் அடக்க விலையையோ தள்ளுபடியையோ பாருங்கள். ஒழுங்கே இல்லாமல் ஆடினால் எண்ணிக்கை சரியில்லை, அல்லது சரக்கு வேறு வழியில் வெளியே போகிறது. உங்கள் கணக்கில் முதல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருக்கின்றன. அதனால்தான் இந்த மூன்று மாதம் அப்பாவுக்குக் காட்ட நல்ல உதாரணம்.

---

நேர்கோடு எழுதியது:

எல்லாவற்றையும் சிக்கலாக்குகிறீர்கள். மாதம் தோறும் இருப்பை எண்ணுவதுதான் இதில் பெரிய வேலை, அதைத்தான் அப்பாவும் வெறுக்கிறார் என்று நினைக்கிறேன். எண்ணவே வேண்டாம். உங்கள் கடையில் எப்போதும் நூற்றுக்கு 20 நிற்கிறது என்று தெரிகிறதல்லவா? விற்பனையில் 80 பங்கை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, தொடக்க இருப்பையும் கொள்முதலையும் கூட்டி அதிலிருந்து கழித்தால் இறுதி இருப்பு வந்துவிடும். கணக்கை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எண்ணுங்கள்.

இன்னொன்று, இரட்டைப் பதிவு முறையை 1494இல் அச்சில் விளக்கிய லூக்கா பாசியோலியே வருடத்துக்கு ஒருமுறை ஏட்டை முடிப்பது நல்லது என்றுதான் எழுதினார். அப்பா ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

---

பேரேட்டுக்காரர் எழுதியது:

நேர்கோடு சொல்லும் வழி இருக்கிறது, நானும் பயன்படுத்தியிருக்கிறேன். தீப்பிடித்துச் சரக்கு எரிந்துபோனால் எவ்வளவு இருந்திருக்கும் என்று மதிப்பிட அதைத்தான் செய்வோம். ஆனால் இங்கே அதை வைத்தால் என்ன ஆகும் என்று புதுக்கல்லாவின் இரண்டாம் மாதத்திலேயே போட்டுப் பாருங்கள். தாமதமான பில்லையும் சேர்த்துக் கொள்முதல் 2,20,000. விற்பனை 2,80,000, அதில் 80 பங்கு 2,24,000. தொடக்க இருப்பு 3,90,000. ஆக இறுதி இருப்பு 3,86,000 என்று வரும், லாபம் சரியாக நூற்றுக்கு 20 என்று வரும். எப்படி வராமல் போகும்? 20 என்று நாமே உள்ளே போட்டோம், அதுவே வெளியே வருகிறது. அலமாரியில் உண்மையில் இருந்தது 3,80,000. அந்த 6,000 குறை லாபத்தில் தெரியாமல், இல்லாத சரக்காக ஏட்டில் உட்கார்ந்துகொள்ளும். மாதா மாதம் இப்படிச் சேர்த்து வருடக் கடைசியில் எண்ணும்போது ஒரே அடியாக விழும்.

மதிப்பீட்டையும் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் பயன். இரண்டுக்கும் நடுவில் வரும் தொகையைத்தான் நாம் தேட வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் மாதம் தோறும் எண்ணச் சொல்ல மாட்டேன், அதில் நேர்கோடு பக்கம்தான் நான். பெரும்பாலான கடைகளில் மொத்த மதிப்பில் பெரும்பகுதி சில வகைகளில்தான் முடங்கியிருக்கும். அவற்றை மாதம் தோறும் எண்ணுங்கள். மீதியைப் பங்கு பிரித்து மாதம் ஒரு பங்காக எண்ணி வருடத்தில் இரண்டு முறையாவது முழுச் சுற்று வரட்டும். எண்ணாத பங்கில் மட்டும் மதிப்பீட்டை வைத்துக்கொள்ளலாம்.

பாசியோலி அதைக் குறிப்பாகக் கூட்டு வியாபாரத்துக்குச் சொன்னார், அடிக்கடி கணக்குப் பார்த்தால் நட்பு நீடிக்கும் என்று. ஒரே கல்லாவுக்கு இரண்டு சாவி இருக்கும் இடத்துக்கும் அது பொருந்தும்.

---

ஓரக்கடை எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. நான் தினமும் இரவு கல்லாவை எண்ணி, அன்றைய விற்பனையோடு ஒத்துப்பார்த்து, எழுதி வைத்துவிட்டுத்தான் பூட்டுகிறேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. முப்பது நாளும் சரியாக இருந்தால் மாதமும் சரியாகத்தானே இருக்கும்? பிறகு தனியாக எதை முடிப்பது?

இதையும் கேட்டுவிடுகிறேன். கார்டில் வாங்கும் பணம் வங்கிக்கு வரும்போது எப்போதும் கொஞ்சம் குறைகிறது. 10,000க்கு விற்றால் 9,850 வருகிறது. நான் 9,850ஐத்தான் விற்பனை என்று எழுதி வருகிறேன், வந்த பணம் அதுதானே.

---

இரண்டாம்சாவி எழுதியது:

ஓரக்கடை, தினமும் எண்ணுவது ரொக்கத்தை மட்டும்தான் சரிபார்க்கிறது. கடனுக்கு வாங்கியது, பில் வராத சரக்கு, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டும் காப்பீடு, இவை எதுவும் கல்லா வழியாகப் போவதில்லை. காப்பீடு கட்டிய மாதம் நட்டம் போலவும் மற்ற பதினொரு மாதமும் லாபம் போலவும் தெரியும். அதைப் பன்னிரண்டாகப் பிரித்து ஒவ்வொரு மாதத்திலும் வைப்பதுகூட மாதக் கணக்கு முடிப்பில் ஒரு வேலைதான்.

கார்டு விஷயத்தில் விற்பனை 10,000தான். 150 வங்கி எடுத்த கட்டணம், அதைச் செலவில் எழுதுங்கள். 9,850ஐ விற்பனையாக எழுதினால் பில் புத்தகத்தின் கூட்டுத்தொகையும் ஏட்டின் விற்பனையும் என்றைக்கும் ஒத்துவராது, கட்டணம் கூடினாலும் உங்களுக்குத் தெரியாது. மாதத்தின் கடைசி இரண்டு நாள் கார்டு விற்பனை அடுத்த மாதம்தான் வங்கியில் வரும் என்பதையும் பாருங்கள். அது வங்கியிடமிருந்து நமக்கு வரவேண்டிய பாக்கியாக நிற்க வேண்டும்.

புதுக்கல்லாவுக்கு ஒன்று. நானும் குடும்பக் கடையில்தான் இருக்கிறேன், பெரியவர்களோடுதான். கணக்கைப் பற்றி நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் "வீட்டுக்காகக் கல்லாவிலிருந்து நீங்கள் எடுப்பது" என்ற பத்தி இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். லாபத்தைப் பற்றிய கடிதத்தில் அவர் அந்த ஒரு பத்தியை மட்டும்தான் படிப்பார். கடைப் பையன்களைச் சந்தேகிக்க வேண்டியதாகிறது என்ற வரி அதைவிடக் கூர்மை. சொல்ல வேண்டியதுதான், ஆனால் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

எங்கள் வீட்டில் மாமனாருக்கென்று மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். சீட்டு எழுதச் சொல்லிக் கேட்ட காலத்தில் எந்தப் பயனும் இல்லை.

---

பழைய தராசு எழுதியது:

மாதத் தொகையா? என் மகன் அப்படி ஒன்றை என்னிடம் நீட்டியிருந்தால் நான் கடைப் பக்கமே போயிருக்க மாட்டேன். சீட்டு எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை, சம்பளம் வாங்குவதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு விதம், நீங்கள் உங்கள் அப்பாவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பில்லில் விலையைப் பார்த்தீர்களா இல்லையா?

---

புதுக்கல்லா எழுதியது:

பதில் சொல்கிறேன் ஐயா. அந்த வகையைக் கொடுப்பவர் சரக்கோடு பில் அனுப்புவதில்லை. சரக்கு சலானோடு வருகிறது, சலானில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும், விலை இருக்காது. பில் சில நாள் கழித்து, பல சலான்களுக்குச் சேர்த்து ஒன்றாக வரும். அது வருவதற்குள் பாதிச் சரக்கு விற்றுப்போயிருக்கும். பில் வந்ததும் கணக்கு எழுதுபவர் மொத்தத் தொகையைப் பேரேட்டில் ஏற்றிவிட்டுக் கோப்பில் வைத்துவிடுவார். பில்லைப் பார்ப்பவர் விற்பனை விலையைப் போடுவதில்லை, விலை போடுபவர் பில்லைப் பார்ப்பதில்லை. உங்கள் கம்பியில் பில்லைக் குத்தியவரும் விலையை மாற்றியவரும் ஒருவரே என்பதால் அங்கே அது நடந்தது.

இப்போது ஆர்டர் கொடுக்கும்போதே விலையை எழுதி வாங்குகிறேன், பில் வந்ததும் அதோடு ஒத்துப்பார்க்கிறேன். ஆனால் விலை ஏறியது மாதக் கணக்கில்தான் முதலில் தெரிந்தது, அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. அப்பாவிடம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இருப்பை அடக்க விலையில், முதலில் வந்தது முதலில் போகும் என்ற கணக்கில்தான் எண்ணுகிறேன். அந்த வகை ஒரு வாரத்துக்கு மேல் கடையில் தங்காது. அதனால் பேரேட்டுக்காரர் சொன்ன காற்று லாபம் அதில் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

இரண்டாம்சாவி, அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். மாதத்தை முடித்த பிறகு பழைய மாதத்து பில் ஒன்று வந்து நின்றால், முடித்ததைத் திறந்து சேர்க்க வேண்டுமா, நடப்பு மாதத்தில் போட்டுவிடலாமா?

---

பேரேட்டுக்காரர் எழுதியது:

திறக்காதீர்கள். முடித்த மாதத்தை மென்பொருளில் பூட்டிவிடுங்கள், கையால் எழுதும் ஏடாக இருந்தால் கோடு போட்டுக் கையெழுத்து வையுங்கள். ஒருமுறை திறந்தால், போன வாரம் அப்பாவிடம் காட்டிய தொகையும் இந்த வாரம் ஏட்டில் இருக்கும் தொகையும் வேறாகிவிடும். எது உண்மை என்று அவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? விட்டுப்போனதை நடப்பு மாதத்தில் "முந்தைய மாதம் சேர்ந்தது" என்ற குறிப்போடு போடுங்கள். மாத லாபத்தையே புரட்டிப்போடும் அளவுக்குப் பெரிய தொகையாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

---

இரண்டாம்சாவி எழுதியது:

இதில் நான் உடன்படவில்லை. சிறிய கடையில் மாதக் கணக்கை வெளியார் யாரும் பார்ப்பதில்லை, நாம் மட்டும்தான் பார்க்கிறோம். விகிதத்தை ஒப்பிடுவதற்காகத்தான் இவ்வளவு பாடும். 20,000 பில்லை நடப்பு மாதத்தில் போட்டால் அதே பொய்யான ஏற்ற இறக்கத்தை நாமே உண்டாக்குகிறோம். நான் அடுத்த மாதம் பத்தாம் தேதி வரை திறந்து வைத்திருப்பேன், அதற்குப் பிறகுதான் பூட்டுவேன்.

---

பேரேட்டுக்காரர் எழுதியது:

பத்தாம் தேதி வரை காத்திருந்தால் தகவலும் பத்து நாள் பழையதாகிறது. பில் வராத கொள்முதலுக்குத் தோராயப் பதிவு போட்டிருந்தால் அந்த 20,000 ஏற்கெனவே உள்ளே இருக்கும், பில் வரும்போது மாறுவது சில நூறுதான். ஆனால் சலான் ஒழுங்காகக் கைக்கு வராத கடைகளில் நீங்கள் சொல்வதுதான் நடைமுறை, அதை மறுக்கவில்லை.

---

புதுக்கல்லா எழுதியது:

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். திட்டவில்லை. பாராட்டவும் இல்லை. தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பித் தந்தார்: "மேல் தட்டில் மூன்று வருடமாக நகராமல் இருக்கும் பெட்டிகளை எந்த விலைக்கு எண்ணினாய்?"

அடக்க விலைக்குத்தான் எண்ணியிருக்கிறேன். ஏட்டில் அவை 40,000. இப்போது யாராவது கேட்டால் 15,000 கிடைத்தால் அதிகம். 3,86,000 இருப்பு என்று நான் எழுதியதில் இதுவும் அடக்கம்.

---

பழைய தராசு எழுதியது:

சபாஷ். உங்கள் அப்பா கணக்கை முழுக்கப் படித்திருக்கிறார்.

---

பேரேட்டுக்காரர் எழுதியது:

அவர் கேட்டது சரியான கேள்வி. சரக்கை அடக்க விலைக்கோ, விற்றால் செலவு போகக் கிடைக்கும் விலைக்கோ, எது குறைவோ அதற்குத்தான் எண்ண வேண்டும். 15,000தான் தேறும் என்றால் 25,000ஐ நட்டமாக எழுத வேண்டும். அதை இந்த மாதக் கொள்முதல் கணக்கில் கலந்துவிடாதீர்கள், இருக்கும் விகிதம் சிதைந்துவிடும். "மதிப்புக் குறைந்த சரக்கு" என்று தனி வரியாகக் காட்டுங்கள். அப்போது மொத்த லாபம் நூற்றுக்கு 18, 19 என்றே நிற்கும், அதற்குக் கீழே இந்த 25,000 தனியாகத் தெரியும்.

---

நேர்கோடு எழுதியது:

ஒரே மாதத்தில் 25,000 போட்டால் அந்த மாதம் கடையே நட்டத்தில் ஓடியதுபோல் இருக்காதா? மூன்று வருடமாகச் செத்துக் கிடந்ததற்கு இந்த மாதம் என்ன பாவம் செய்தது? பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்துப் போட்டால் என்ன?

---

பேரேட்டுக்காரர் எழுதியது:

காப்பீட்டைப் பிரிக்கலாம், அதன் பயன் பன்னிரண்டு மாதத்துக்கும் இருக்கிறது. இதில் வரப்போகும் மாதங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. தெரிந்த மாதத்திலேயே போட வேண்டும். 15,000 என்ற மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எழுதிவையுங்கள். யாரிடம் விலை கேட்டீர்கள், என்றைக்குக் கேட்டீர்கள் என்று.

---

புதுக்கல்லா எழுதியது:

விலை கேட்டது அப்பாதான். யாரிடம் என்று இன்னும் சொல்லவில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் 15,000 வராது, 12,000தான் தேறும் என்கிறார். இந்த மாதக் கடைசி நாள் எண்ணும்போது மேல் தட்டு அவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அவர் எழுதும் தொகையையே ஏட்டில் போடுவதாக இருக்கிறேன்.